சிகே உயர்ந்தால் இதயம்தானா? கிரியேட்டின் கைனேஸ் பற்றிய எளிய விளக்கம்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘கிரியேட்டின் கைனேஸ்’, சுருக்கமாகச் ‘சிகே’, என்ற நொதியின் வரிக்கு எதிரே, இயல்பு அளவைப் பல மடங்கு தாண்டிய எண் ஒன்று அச்சாகியிருந்தால், அதைக் கையில் வாங்கும் நம்மவர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாரடைப்புதான். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மாரடைப்பை உறுதிசெய்ய மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்த இரத்தப் பரிசோதனைகளுள் இதுவும் ஒன்று. தந்தையோ சிற்றப்பாவோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளான குடும்பங்களும் சிங்கப்பூர்த் தமிழர்களிடையே அரிதல்ல. ஆயினும் இந்த நொதியின் பெரும்பகுதி இருப்பது இதயத்தில் அன்று. கை, கால், மார்பு, முதுகு ஆகியவற்றை அசைக்கும் எலும்புத்தசைகளில்தான். உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்புத்தசையே இருக்க, இதயத் தசையின் எடையோ ஏறக்குறைய 300 கிராம்தான். ஆகவே சிகே பல்லாயிரங்களில் இருக்கும்போது, இதயத்தைக் காட்டிலும் எலும்புத்தசையைச் சந்தேகிப்பதே பொருத்தம். அந்தச் சந்தேகத்தை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதை, மார்புவலியோடு வந்த ஒருவரின் எண்களை வைத்து இங்கே பார்க்கலாம்.

அதற்குமுன் ஒரு சிறு எச்சரிக்கை. அறிக்கையில் ‘கிரியேட்டினின்’ என்று வேறொரு வரியும் இருக்கும். அது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கழிவுப்பொருள். நாம் பேசுவது அதைப் பற்றி அன்று.

தசைக்குள் இந்த நொதி செய்யும் வேலை

தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறு தருகிறது. ஆனால் தசைநாரில் எந்நேரமும் கைவசம் இருக்கும் ஏடிபி, கடுமையான உழைப்பில் சில நொடிகளுக்குமேல் தாங்காது. அந்தக் குறையை ஈடுகட்டுவதற்காகத் தசை, கிரியேட்டின் என்ற சிறிய மூலக்கூறில் ஒரு பாஸ்பேட்டை இணைத்துச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஏடிபி செலவாகி, ஒரு பாஸ்பேட்டை இழந்த மூலக்கூறு மிஞ்சும்போது, சேமித்து வைத்த பாஸ்பேட்டை அதற்கு மாற்றிக் கொடுத்து உடனடியாக ஏடிபியாக மீட்பதுதான் கிரியேட்டின் கைனேஸின் வேலை. ஓய்வு நேரத்தில் இதே நொதி எதிர்த்திசையில் வேலைசெய்து, சேமிப்பை மறுபடியும் நிரப்புகிறது. திடீரென்று அதிக ஆற்றல் தேவைப்படும் எலும்புத்தசை, இதயம், மூளை ஆகிய மூன்று இடங்களிலும் இது மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

நலமாக உள்ள தசை உயிரணுவின் உறை, இந்த நொதியை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அன்றாடத் தேய்மானத்தில் சிறிதளவு வெளியே கசிவதால்தான் எல்லோருடைய இரத்தத்திலும் கொஞ்சம் சிகே காணப்படுகிறது. உறை கிழிந்தாலோ, ஆற்றல் தீர்ந்து வலுவிழந்தாலோ கசிவு பெருகி, இரத்தத்தில் அளவு ஏறுகிறது. ஆகவே சிகே என்பது ஒரு நோயின் பெயரன்று. எங்கோ ஒரு தசையின் உறை காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றவில்லை என்பதன் தடயம் மட்டுமே.

ஆண்களுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 200 அலகு, பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு என்பது பல ஆய்வகங்கள் அச்சிடும் மேல்வரம்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது மாறும். தசைப்பருமன் மிக்கவர்களுக்கு எந்த நோயும் இல்லாமலேயே இந்த வரம்பு மீறப்படலாம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சிகே இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. தெற்காசிய ஆண்களிடமும் ஐரோப்பியர்களைவிட அது சற்றுக் கூடுதலாகவே இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆதலால் 280, 320 என்ற எண்களைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மூன்று வடிவங்கள்

இந்த நொதி இரண்டு துண்டுகள் இணைந்து உருவாகிறது. துண்டுகளில் இரு வகை உண்டு: தசைக்குரிய ‘எம்’, மூளைக்குரிய ‘பி’. இரண்டு எம் சேர்ந்தால் எம்எம். இரண்டு பி சேர்ந்தால் பிபி. ஒவ்வொன்றிலும் ஒன்று சேர்ந்தால் எம்பி. ஒரே வேலையைச் செய்தாலும் அமைப்பில் வேறுபடும் இத்தகைய நொதி வடிவங்களை ஐசோஎன்சைம்கள் என்கிறோம்.

மூளையில் இருப்பது பெரும்பாலும் பிபி; அது இரத்தத்துக்கு எளிதில் வருவதில்லை. எலும்புத்தசையில் ஏறத்தாழ 97 முதல் 99 விழுக்காடு வரை எம்எம், எஞ்சியது எம்பி. இதயத் தசையிலும் பெரும்பங்கு எம்எம்தான் என்றாலும், அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எம்பியாக இருக்கிறது. எம்பி இதயத்துக்கு மட்டுமே உரியது என்ற பரவலான எண்ணம் இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அது பிழையான எண்ணம். எலும்புத்தசையில் எம்பியின் விகிதம் சிறிது என்றாலும், தசையின் மொத்தப் பருமன் மிகப் பெரிது. பெரிய அளவில் எலும்புத்தசை சிதைந்தால், அதிலுள்ள ஒரு விழுக்காடு எம்பியே இயல்பு வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும்.

எனவே எம்பியின் அளவைத் தனியே பார்க்காமல், மொத்தச் சிகேயில் அது எவ்வளவு பங்கு என்று பார்க்கிறார்கள். எம்பியின் எடையளவை மொத்தச் சிகேயால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது ஒப்பீட்டுக் குறியீடு. எடுத்துக்காட்டாக, மொத்தச் சிகே 600, எம்பி 48 என்றால் குறியீடு 8 விழுக்காடு. இது இதயத்தைச் சுட்டுகிறது. குறியீடு ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எலும்புத்தசையையே முதலில் நினைக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு இரு வரம்புகள் உண்டு. மொத்தச் சிகே இயல்பாக இருக்கும்போது குறியீட்டுக்குப் பொருளில்லை. சிறிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் வீண் அச்சத்தைத்தான் தரும். மறுபக்கத்தில், எலும்புத்தசை பெரிதாகச் சிதைந்திருக்கும் அதே வேளையில் சிறிய மாரடைப்பும் ஏற்பட்டிருந்தால், எலும்புத்தசையிலிருந்து வரும் பெருவெள்ளத்தில் இதயத்தின் பங்கு மூழ்கிப் போய்க் குறியீடு தாழ்வாகவே தெரியும். மேலும், நாட்பட்ட தசை அழற்சி, தசைச் சிதைவு நோய் போன்றவற்றில், திரும்பத் திரும்பச் சேதமடைந்து புதுப்பிக்கப்படும் தசைநார்கள், கரு வளர்ச்சிக் காலத்தில் உருவாக்கியதைப்போலவே பி துண்டை மறுபடி உருவாக்கத் தொடங்குகின்றன. அவர்களிடம் இதயத்தில் எந்தப் பழுதும் இல்லாமலேயே எம்பியின் பங்கு கூடியிருக்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடமும் இதைக் காணலாம்.

இந்தக் காரணங்களால்தான் 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்பின் வரையறையைத் திருத்தியபோது, டிரோபோனினுக்கு முதலிடம் தந்தன. இதயத் தசையில் உள்ள டிரோபோனின் புரதம் எலும்புத்தசையில் உள்ளதிலிருந்து அமைப்பிலேயே வேறுபட்டது; எனவே அதன் உயர்வு இதயத்தை நேராகச் சுட்டுகிறது. அதன் பிறகு சிகேயின் முதன்மைப் பணி எலும்புத்தசையைக் கண்காணிப்பதாக மாறிவிட்டது. இருந்தும் பழக்கத்தால் பலர் இதை ‘இதயப் பரிசோதனை’ என்றே சொல்லி வருகிறார்கள்.

ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்

ஒரே ஓர் அளவைவிட, அடுத்தடுத்த அளவுகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதில்தான் அதிகச் செய்தி அடங்கியிருக்கிறது. மாரடைப்பில் வலி தொடங்கிய 4 முதல் 6 மணி நேரத்துக்குள் சிகேயும் எம்பியும் ஏறத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகின்றன. எம்பி இரண்டு மூன்று நாள்களிலும், மொத்தச் சிகே மூன்று நான்கு நாள்களிலும் இயல்புக்குத் திரும்புகின்றன. அடைபட்ட இரத்தக்குழாயை பலூன் சிகிச்சையால் விரைவில் திறந்துவிட்டால், தேங்கியிருந்த நொதி ஒரேயடியாக அடித்துக்கொண்டு வருவதால் உச்சம் இன்னும் முன்னதாகவே வரும். டிரோபோனினோ ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம்வரைகூட இரத்தத்தில் தங்கும். அதனால் முதல் மாரடைப்புக்குப் பிறகு மூன்றாம் நான்காம் நாளில் மீண்டும் வலி வந்தால், அதற்குள் இயல்புக்கு இறங்கிவிட்ட எம்பி மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பது சில மருத்துவமனைகளில் இன்றும் உதவுகிறது.

எலும்புத்தசையின் கடிகாரம் இதைவிட மெதுவானது. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு 2 முதல் 12 மணி நேரத்துக்குள் சிகே ஏறத் தொடங்கினாலும், உச்சம் பெரும்பாலும் முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையே வருகிறது; தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வகைப் பயிற்சியில், அதாவது படியிறங்குதல், தண்டால் எடுக்கும்போது மெல்லக் கீழே இறங்குதல் போன்றவற்றில், நான்கு ஐந்து நாள்வரைகூடத் தள்ளிப்போகலாம். காரணம் இதுதான்: உழைப்பின்போது ஏற்பட்ட நுண்கிழிசலைவிட, அதன்பின் வரும் அழற்சியால் நேரும் சிதைவு அதிகம்; வெளிப்படும் நொதியும் நேரே இரத்தத்தில் கலக்காமல் பெருமளவு நிணநீர் வழியாகச் சுற்றியே வந்து சேருகிறது. உச்சத்துக்குப் பின், கசிவு நின்றுவிட்டால், ஏறத்தாழ ஒன்றரை நாளுக்கு ஒருமுறை அளவு பாதியாகக் குறைகிறது. அப்படிக் குறையாமல் அதே உயரத்தில் நின்றாலோ மறுபடி ஏறினாலோ, சிதைவு இன்னும் தொடர்கிறது என்று பொருள். மருந்தோ, தொற்றோ, கை கால் தசைக்கூட்டுக்குள் அழுத்தம் கூடுவதோ காரணமா என்று தேட வேண்டும்.

மார்புவலியோடு வந்தவர்

இந்த விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. எண்கள் நடைமுறையில் காண்பவற்றை ஒத்தவை. வயது 38. அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு. தேசிய சேவையாளருக்கான ஐபிபிடி உடலுறுதித் தேர்வு நெருங்குகிறது என்பதால், பல மாதங்களாக உடற்பயிற்சியே செய்யாதவர், ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தம் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், நண்பரோடு போட்டியிட்டு ஏறத்தாழ இருநூறு தண்டால் எடுத்திருக்கிறார். ஞாயிறன்று மார்பிலும் மேற்கைகளிலும் இறுக்கம். திங்கள் காலை கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. மார்பின் நடுவே அழுத்துவது போலிருந்தது. தந்தையின் நினைவு வரவே, மனைவி 995ஐ அழைத்துவிட்டார். அது முற்றிலும் சரியான முடிவு. மார்புவலிக்குக் காரணம் தசைதான் என்று வீட்டிலிருந்தே தீர்மானிக்க யாராலும் முடியாது.

காலை பத்து மணிக்கு, அதாவது பயிற்சி முடிந்து 40 மணி நேரத்தில், அவசரச் சிகிச்சைப் பிரிவில் எடுத்த முதல் இரத்தத்தில் மொத்தச் சிகே 11,400. எம்பி லிட்டருக்கு 62 மைக்ரோகிராம். இயல்பாக இருக்க வேண்டியது ஏறத்தாழ 5க்குள். எம்பியை மட்டும் பார்த்தால் பன்னிரண்டு மடங்கு உயர்வு; இதயம்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 62ஐ 11,400ஆல் வகுத்தால் குறியீடு 0.54 விழுக்காடு. இதயத்துக்குரிய விகிதத்துக்கு இது அருகில்கூட வரவில்லை. இதயமின் வரைபடம் இயல்பு. உயர் நுண்ணுணர்வு டிரோபோனின் வந்தவுடன் 7, மூன்று மணி நேரம் கழித்தும் 7. இரண்டும் இயல்பு வரம்புக்குள், இடையில் எந்த ஏற்றமும் இல்லை.

மருத்துவர் அடுத்துக் கேட்டது இதயத்தைப் பற்றியதன்று: “சனி, ஞாயிறு என்ன செய்தீங்க? புதுசா ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா? சிறுநீர் என்ன நிறத்தில் போகுது?” மூன்றாவது கேள்விக்குத்தான் அவர் சற்றுத் தயங்கினார். ஞாயிறு இரவிலிருந்தே தே-ஓ நிறத்தில் போகிறது என்றும், தண்ணீர் குடிக்காததால் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தபோது ‘இரத்தம்’ என்ற கட்டம் அடர்ந்து நிறம் மாறியது. ஆனால் அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் ஏறக்குறைய இல்லை. இந்த முரண்பாட்டிலேயே விடை இருக்கிறது. பட்டை உணர்வது சிவப்பணுவை அன்று, அதிலுள்ள ஹீம் என்ற பகுதியை. தசையின் மயோகுளோபின் என்ற புரதத்திலும் அதே ஹீம் உண்டு. சிதைந்த தசையிலிருந்து வெளியேறிய மயோகுளோபின்தான் சிறுநீரை நிறம் மாற்றியிருக்கிறது. இந்நிலைக்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தசை பெருமளவில் சிதைவது என்று சொன்னால் போதும்.

கல்லீரல் பரிசோதனையும் அவரைச் சிறிது கலங்க வைத்தது. ஏஎஸ்டி 260, ஏஎல்டி 85 என்று இரண்டுமே உயர்ந்திருந்தன. இவ்விரு நொதிகளும் கல்லீரலில் மட்டுமல்லாமல் தசையிலும் உள்ளவை; தசைச் சிதைவில் ஏஎஸ்டி அதிகமாகவும் ஏஎல்டி குறைவாகவும் ஏறும். ஜிஜிடி, பிலிருபின் இரண்டும் இயல்பாக இருந்ததால், கல்லீரலைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சிகே பார்க்காத காரணத்தால் இந்த இரு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கல்லீரல் நோய் என்று பல வாரம் அலைபவர்களும் உண்டு.

அவரை அனுமதித்து, நரம்பு வழியாகச் சலைன் ஏற்றினார்கள். செவ்வாய் காலை சிகே 14,200, புதன் 10,100, வியாழன் 6,300. நேரத்தைக் கவனியுங்கள். சனிக்கிழமை மாலை மாரடைப்பு நேர்ந்திருந்தால், ஞாயிறு மாலைக்குள் உச்சத்தைத் தொட்டு, செவ்வாயன்று இறங்குமுகத்தில் இருந்திருக்க வேண்டும். இவருக்கோ 64ஆவது மணி நேரத்தில்தான் உச்சம். அதற்குமேல், மாரடைப்பில் மொத்தச் சிகே பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். 14,000 என்பது இதயத் தசை ஒன்றால் மட்டும் வரக்கூடிய எண்ணாகத் தோன்றவில்லை. புதனிலிருந்து வியாழனுக்கு 10,100 என்பது 6,300 ஆனது, ஒன்றரை நாளுக்குப் பாதி என்ற வீதத்தோடு அப்படியே பொருந்துகிறது, கசிவு நின்றுவிட்டது. அடுத்த வியாழன் மறுபரிசோதனையில் 270.

சிகே அளவுகோல்தான், கெடுப்பது வேறொன்று

இவ்வளவு உயர்ந்த எண்ணையும் இரத்தத்திலிருந்து நீக்க யாரும் முயலவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சிகே சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்ட முடியாத அளவு பெரிய மூலக்கூறு; அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பது, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையே கொண்டதால் வடிகட்டியைத் தாண்டிவிடும் மயோகுளோபின். உடலில் நீர் குறைந்து சிறுநீர் அடர்ந்திருக்கும்போது அது நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது. அக்குழாய்களின் உயிரணுக்களையும் சேதப்படுத்துகிறது. 1941இல், இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் கை கால் நசுங்கி மீட்கப்பட்டவர்கள், காயம் ஆறும் முன்பே சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது அதன் பிறகுதான்.

மயோகுளோபின் இரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே பாதியாகிவிடுவதால், நோயாளி வந்து சேர்வதற்குள் அது மறைந்துபோயிருக்கக்கூடும். நாள்கணக்கில் தங்கும் சிகேயை அதற்குப் பதிலாக அளப்பது இந்தக் காரணத்தால்தான். பொதுவாக, மேல்வரம்பின் ஐந்து மடங்கைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ 1,000ஐத் தாண்டினால், ராப்டோமயோலிசிஸ் என்று கருதத் தொடங்குகிறார்கள். சிறுநீரகப் பாதிப்பின் அபாயம் 5,000க்கு மேல்தான் குறிப்பிடத்தக்கதாகிறது. சிகிச்சையில் அன்றாடம் கவனிக்கப்படுவது சிகே மட்டுமன்று. கிரியேட்டினினும் பொட்டாசியமும் அதைவிட முக்கியம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. நம் எடுத்துக்காட்டில் வந்தவருக்கு இரண்டுமே இயல்பாக இருந்தன. அது அவருடைய நற்பேறு.

வேறு எதனாலெல்லாம் ஏறும்?

சிங்கப்பூரின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் இங்கே சேர்த்துக் கணக்கிட வேண்டும். நண்பகலில் கட்டுமானத் தளத்தில் வேலைசெய்பவர், பழக்கமில்லாத ஒருவர் முதன்முறையாகச் சேரும் ஸ்பின் சைக்கிள் வகுப்பு, தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை எடைமிக்க காவடி சுமந்து நடப்பவர் என யாருக்கும், உழைப்பும் நீரிழப்பும் சேரும்போது சிகே ஏறும். தொடர்ந்து பயிற்சி செய்பவருக்கு அதே உழைப்பில் மிகக் குறைவாகவே ஏறும். தசை ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த முறை எளிதில் கிழிவதில்லை. தனியே வசிக்கும் முதியவர் குளியலறையில் விழுந்து, எழ முடியாமல் பல மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால், உடலின் எடையே தசையை நசுக்கிச் சிகேயை ஏற்றிவிடும். மார்பில் வலி இல்லாவிட்டாலும் அவருக்கு இப்பரிசோதனை தேவை. வலிப்பு, தசையில் போடும் ஊசி, சளிக்காய்ச்சல், டெங்கி ஆகியவற்றுக்குப் பின்பும் சில நாள் உயர்ந்திருக்கும்.

பலதுறை மருந்தகத்தில் சிகே பார்க்கச் சொல்வதற்கு மிகப் பொதுவான காரணம் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. அதை எடுப்பவர்களில் பலருக்கும் தசைவலி இருக்கலாம். ஆனால் சிகே உண்மையிலேயே பெரிதாக ஏறுவது மிகச் சிலருக்கே. மேல்வரம்பின் பத்து மடங்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்துவது வழக்கம். அதற்குக் கீழே இருந்தால், வலியின் கடுமையையும் அடுத்த அளவையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். தாமாகவே நிறுத்திவிடுவது நல்லதன்று. பல ஆண்டுகளாகச் சிம்வாஸ்டாட்டினால் தொல்லையே இல்லாதவருக்குத் திடீரென்று ஏறினால், இடையில் என்ன சேர்ந்தது என்று கேட்க வேண்டும். தொண்டை வலிக்குக் கொடுத்த கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கல்லீரல் சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு உயர்த்திவிடும். ‘இயற்கையானது’ என்று வாங்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உள்ள பொருளும் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினேதான். மாத்திரையோடு அதையும் சேர்த்தால் இருமடங்கு மருந்து எடுத்தது போலாகும்.

மாதக்கணக்கில் 400 முதல் 1,000 வரை நின்று, சோர்வும் எடை கூடுதலும் குளிர் தாங்காமையும் சேர்ந்திருந்தால், தைராய்டு சுரப்பு குறைந்துள்ளதா என்று பார்ப்பது அவசியம். அதைச் சரிசெய்தாலே சிகே இறங்கிவிடும். அதைப் பார்க்காமல் ஸ்டாட்டினைக் குறைகூறுவதும் உண்டு. தைராய்டு குறைவு கொழுப்பையும் ஏற்றுவதால் அந்தப் பிழை எளிதில் நேர்கிறது. வலியைவிட வலுக்குறைவு மேலோங்கி, நாற்காலியிலிருந்து எழுவதும் அலமாரியின் மேல்தட்டை எட்டுவதும் கடினமாகிவருகிறது என்றால், தசை அழற்சி நோயை நினைக்க வேண்டும். அத்தகையவர்களிடம் டிரோபோனின் டி என்ற வகைகூட இதயப் பழுதில்லாமல் உயரக்கூடும். டிரோபோனின் ஐ வகையை அளந்து பார்த்தால் குழப்பம் தீரும்.

கடைசியாக, தசையே சேதமடையாமல் எண் மட்டும் உயர்ந்து நிற்கும் நிலை ஒன்றும் உண்டு. சிலரது உடலில் பிபி நொதியோடு எதிர்ப்புப் புரதம் ஒட்டிக்கொண்டு பெரிய திரளாகிவிடும். அது இரத்தத்திலிருந்து மெதுவாகவே நீங்குவதால் அளவு கூடித் தெரிகிறது. மேக்ரோ சிகே எனப்படும் இது, வயதான பெண்களிடம் சற்று அதிகம், பெரும்பாலும் தீங்கற்றது. எம்பியை எடையாக அளக்காமல், எம் துண்டின் செயலை முடக்கிவிட்டு மிஞ்சும் செயலை இரண்டால் பெருக்கும் பழைய முறையில் இது விந்தையான விடை தரும். முடங்காத மேக்ரோ சிகே முழுவதும் எம்பியாகக் கணக்கிடப்பட்டு, எம்பி மொத்தச் சிகேயில் பாதிக்குமேல், சில வேளை மொத்தத்தையே தாண்டியும் அச்சாகிவிடும். பகுதி முழுமையைவிடப் பெரிதாக இருக்க இயலாது என்பதால், அந்த எண்ணே அது பொய்யென்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாள்கள் கடந்தும் ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்பது இன்னோர் அடையாளம். ஆய்வகத்தில் புரதத் திரளைப் படியவைத்தோ, மின்புலத்தில் வடிவங்களைப் பிரித்தோ இதை உறுதிசெய்யலாம். இதே பெயரில் இரண்டாம் வகை ஒன்றும் உண்டு. அது மைட்டோகாண்ட்ரியாவின் சிகேயிலிருந்து உருவாவது, கடும் நோய்களோடும் புற்றுநோயோடும் தொடர்புடையதாகையால் அதைக் கூடுதலாக ஆராய்வார்கள்.

உயர்ந்த எண்ணோடு, வலியும் வலுக்குறைவும் நிறம் மாறிய சிறுநீரும் இல்லாதவருக்கு, முதலில் செய்ய வேண்டியது மறுபரிசோதனைதான். அதற்குமுன் குறைந்தது மூன்று நாள், இயன்றால் ஒரு வாரம், கடும் உடற்பயிற்சி, பளு தூக்குதல், தசையில் போடும் ஊசி ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து, சத்துமாவு, தசை வளர்ப்புப் பொடி உட்பட, எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு எடுத்த இரத்தத்திலும் மேல்வரம்பின் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், தைராய்டு பரிசோதனையில் தொடங்கித் தசை நோய் நிபுணரிடம் அனுப்புவதுவரை மருத்துவர் அடுத்த படிகளுக்குச் செல்வார்.